துருக்கறை காட்டிய வழி

வரலாறு படித்தவருக்கு ஆசிரியப் பணியும் குடிமைப்பணித் தேர்வும் தவிர வேறென்ன இருக்கிறது என்று முதுகலை மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், எனக்கு ஒரு துருக்கறை நினைவுக்கு வருகிறது.

ஆய்வு உதவித்தொகை நின்றுபோன ஆண்டில், மும்பையின் பழைய பஞ்சாலை ஒன்றின் ஆவணங்களை ஒழுங்குசெய்யும் பணியில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். நேர்காணலில் என் ஆய்வேட்டைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. பத்துத் தாள்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் யார், யாருக்கு, எப்போது, எந்த அலுவலின் பகுதியாக எழுதினார் என்று விவரிக்கச் சொன்னார்கள்.

ஆவணங்கள் எங்கே உருவாயினவோ அந்த அலுவலகத்தின் வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது காப்பகப் பணியின் அடிப்படை விதி. எனக்கு முன்பிருந்தவரோ நல்லெண்ணத்துடன் எல்லாத் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். நூல் சுற்றும் பிரிவுப் பெண் ஒருவர் 1934இல் பேறுகால உதவி கோரிய விண்ணப்பம் ஒரு பெட்டியில் இருந்தது. 'தகுதி இல்லை' என்ற ஒற்றைவரி மறுமொழி வேறொரு பெட்டியில் இருந்தது. இரண்டிலும் காரணம் இல்லை.

இரண்டு தாள்களின் இடது மூலையிலும் ஒரே வடிவில் குண்டூசித் துருக்கறை படிந்திருந்தது. அதே கறையுள்ள மூன்றாவது தாளைத் தேட நான்கு நாள்கள் ஆயின. அது மேலாளரின் அலுவலகக் குறிப்பு. அவ்வாண்டு நடந்த பொது வேலைநிறுத்த நாள்களைப் பணிமுறிவாகக் கணக்கிட்டு, 1929ஆம் ஆண்டின் பம்பாய் பேறுகால உதவிச் சட்டம் கேட்ட பணிக்காலம் நிறைவடையவில்லை என்று அதில் முடிவெடுத்திருந்தார். அனுப்புகை எண்ணும் பொருந்தியது. தாள்கள் அப்போதிருந்த இடத்தை முதலில் பதிவுசெய்து, பிறகே ஒன்றுசேர்த்தேன். சேர்த்த காரணத்தையும் விவரப் பட்டியலில் எழுதினேன். அவ்வாறு எழுதாவிட்டால் அடுத்து வருபவருக்கு என் ஊகமும் உண்மையாகிவிடும்.

இப்பணிக்கு இடங்கள் உண்டு. புனேயில் டாடா மையக் காப்பகம், மும்பையில் கோத்ரெஜ் காப்பகம், பெங்களூருவில் தேசிய உயிரியல் மையத்தின் காப்பகம் ஆகியவை நான் அறிந்தவை. தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் பள்ளியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பும் உள்ளது. எனினும் நிலையான பணியிடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவை திட்டநிதி உள்ளவரைதான். எங்கள் நிதி முடிந்தபோது பெட்டிகளில் ஏறத்தாழ பாதி விவரிக்கப்படாமலே பூட்டப்பட்டன.

ஆகவே இத்துறையை நாடும் மாணவரிடம் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ ஊர்ச் சங்கத்திலோ உள்ள ஐம்பது தாள்களை எடுங்கள். குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை ஆகிய ஆறையும் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். விண்ணப்பத்துடன் அப்பட்டியலை இணையுங்கள். ஆய்வேட்டின் தலைப்பைவிட அதுவே உங்களுக்காகப் பேசும்.

நான் அங்கிருந்து வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அந்த மூன்று தாள்களும் இப்போது ஒரே உறையில் இருக்கின்றன.