கண்ணீர் என்னும் கொடை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்பிருந்த உரோமைத் திருப்பலிப் புத்தகத்தில், கண்ணீர் வேண்டியே ஒரு மன்றாட்டு இருந்தது. தாகமுற்ற மக்களுக்காகப் பாறையிலிருந்து நீரைச் சுரக்கச் செய்த இறைவன், எங்கள் கல்நெஞ்சிலிருந்தும் மனத்துயரின் கண்ணீரைச் சுரக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கண்ணீர் நாம் முயன்று வரவழைப்பதன்று, கேட்டுப் பெறுவது என்ற எண்ணம் அம்மன்றாட்டில் அடங்கியிருந்தது.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை நம் தமிழ் மரபு மெய்ப்பாடு என்றது. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. வடபுலத்து வைணவ மரபோ பக்தியின் உடற்குறிகளாக மெய்சிலிர்ப்பு, நடுக்கம், குரல் தழுதழுத்தல், கண்ணீர் முதலிய எட்டினை எண்ணியது. அவற்றை 1541இல் விரித்தெழுதிய ரூப கோஸ்வாமி, இளகிய இயல்பினாலோ பழக்கத்தினாலோ மட்டும் வரும் கண்ணீரும் உண்டென்று பிரித்துக் காட்டினார். கண்ணீரைப் போற்றிய மரபே அதனைச் சோதிக்கவும் கற்றிருந்தது.

அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, உரோமை நகரில் லொயோலா இஞ்ஞாசியார் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். இயேசு சபையின் ஆலயங்களுக்கு நிலையான வருவாய் இருக்கலாமா, அல்லது முழு வறுமையே வேண்டுமா என்பது அவர்முன் நின்ற கேள்வி. 1544 பிப்ரவரி 2 முதல் நாள்தோறும் அதனைத் திருப்பலியில் இறைவன்முன் வைத்தார். கண்ணீர் வந்ததா, திருப்பலிக்கு முன்னா, நடுவிலா, பின்னா என்று கணக்கர் பேரேடு எழுதுவது போலக் குறித்துவைத்தார். பேச்சு எழாத அளவுக்கு அழுத நாள்களும் உண்டு.

அவர் மனம் வருவாய் வேண்டாம் என்ற பக்கமே தொடக்கமுதல் சாய்ந்திருந்தது. ஆயினும் இன்னும் ஓர் உறுதி, இன்னும் ஓர் அடையாளம் என்று தேடிக்கொண்டேயிருந்தார். நாற்பதாம் நாளாகிய மார்ச் 12 அன்று ஆறுதல் முற்றிலும் அற்றுப்போயிற்று. அந்த வறட்சியில்தான் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. முடிவு முன்னரே தெளிவாயிருந்தது. தாம் தேடியது தெளிவையன்று, தம் மனத்திற்கு இனிக்கும் ஒரு முடிவு நாளையே. இதனை உணர்ந்ததும், கண்ணீருக்குக் காத்திராமல் முடிவு செய்தார்.

இதைக் கொண்டு அவர் கண்ணீரை இகழ்ந்தார் என்று எண்ணலாகாது. தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், பாவத்திற்காக அழும் வரத்தையும் ஆண்டவரின் பாடுகளுக்காக அழும் வரத்தையும் கேட்கச் சொல்கிறார். இறையன்பை நோக்கி இட்டுச்செல்லும் கண்ணீரை ஆறுதல் என்றே அழைக்கிறார். ஆனால், ஆறுதல் போன்று தோன்றுவதைத் தீய ஆவியும் தரக்கூடும், அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று இறுதிவரை பார் என்கிறார்.

உடலின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். மிகுந்த அழுகையால் கண் வலிப்பதை நாட்குறிப்பிலேயே எழுதினார். 1553இல், தமக்குக் கண்ணீர் வரவில்லையே என்று வருந்திய நிக்கோலாஸ் கௌதானுஸ் என்னும் சபைக் குருவுக்கு அவர் பெயரால் ஒரு மடல் சென்றது. பிறர் துயரில் இரங்கி அதைப் போக்க முனையும் மனவுறுதி இருந்தால் போதும். கண்ணீர் சிலருக்குத் தலையையும் உடலையும் கெடுக்கும். கொடுக்கும் ஆற்றல் தம்மிடம் இருப்பினும் அத்தகையோருக்கு அதைக் கொடுக்கமாட்டார் என்பது அம்மடலின் கருத்து. அவிலா தெரேசம்மாளும் 1577இல் எழுதிய நூலில், அழுகை உடற்பலவீனத்தால் வரக்கூடும் என்று எச்சரித்து, செயலிலும் புண்ணியங்களிலும் கைவைக்குமாறு தம் சகோதரிகளுக்கு அறிவுறுத்தினார்.

நம் பங்குகளில் அருங்கொடைத் தியானங்கள் நடைபெறும்போது பலர் அழுகின்றனர். சிலர் நடுங்கி விழுகின்றனர். அருகிலிருப்பவரோ, “எனக்கு மட்டும் ஏன் வரவில்லை, சாமி?” என்று கலங்குகிறார். ஒருமுறை கோவில் படிக்கட்டில் இவ்வாறு கேட்டவர், படுத்த படுக்கையாயிருந்த தம் மாமியாரை ஆறாண்டுகளாகப் பராமரித்து வந்த பெண்மணி. அவருக்கு நான் அந்த மடலைப் பற்றியே சொன்னேன்.

அழுதவரை ஐயுறுவதும் அழாதவரைக் குறைத்து மதிப்பதும் நமக்குரிய பணியல்ல. தியானம் முடிந்து ஒரு திங்கள் சென்றபின் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. பேசாதிருந்த அண்ணனிடம் தம்பி பேசினானா? வாங்கிய கடன் திரும்பிற்றா? வீட்டில் குரல் தணிந்ததா? தணிந்திருந்தால், கண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பாறையிலிருந்து நீர் சுரந்திருக்கிறது.