கொம்பு முதலா, எழுத்து முதலா?

போன வருடம் ஒரு பின்னேரம், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் கோல் எடுத்தான். "மச்சான், நீ தமிழ்தானே படிக்கிறாய். ஒரு கடிதம் நல்ல தமிழில எழுதித் தரவேணும்" என்றான். ஒரு பக்கம்தானே என்று நானும் ஓமெண்டிட்டன். அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு ஐந்து கிழமை பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

அவனும் அவனுடைய மச்சாளும் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ நடத்துகிறார்கள். ஸ்டூடியோ என்றால் அவன் வீட்டு முன் அறைதான். இரண்டு கொம்பியூட்டர், ஒரு ஃபான். அவன் கோட் எழுதுவான், அக்கா படம் கீறுவா. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுவதற்கு ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். உயிர்மெய்களைத் துண்டு துண்டாகத் தருவார்கள். பிள்ளை அவற்றை இழுத்துப் பொருத்தினால் சொல் வரும். சொல் சரியென்றால் அந்தப் பறவையோ பழமோ திரையில் உயிர் பெறும். அதை முடிக்கக் காசில்லை. ஒரு சிறிய கல்வி நிதியம் விண்ணப்பம் கேட்டிருந்தது, மூன்று மொழியிலும் எழுதலாம் என்று போட்டிருந்தது.

நான் எழுதிய முதல் பிரதியைப் பற்றிச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. முக்கால் பக்கம் தமிழின் தொன்மை. பிறகு, "இந்த விளையாட்டு ஆயிரக்கணக்கான மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்தும்" என்று ஒரு வசனம். அடுத்து, "பாடசாலைகளில் பரீட்சித்துப் பார்த்து நல்ல வரவேற்பைப் பெற்றுள்ளது" என்று இன்னொன்று. கடைசியில் செலவு ஒரே வரியில்: மென்பொருள் உருவாக்கம், 1,500,000 ரூபா.

இதை முதலில் வாசித்தவர், இப்படியான திட்டங்களில் வேலை செய்து பழகிய ஒரு அண்ணா. வாசித்து முடித்து மூன்று கேள்விதான் கேட்டார்.

"தமிழ் பழைய மொழி எண்டு அவைக்குத் தெரியாதோ? பதினைஞ்சு இலட்சத்தில அரிசிக்கு எவ்வளவு, மரக்கறிக்கு எவ்வளவு? எந்தப் பாடசாலையில பரீட்சிச்சனீங்கள்?"

மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நண்பனின் அக்காவுடைய மகள் விளையாடிப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் பொய் எழுத நினைத்து எழுதவில்லை. விண்ணப்பம் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்ற பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. ஆனால் காசு தருபவர் பார்வையில் அது பொய்தான்.

அதனால் வசனத்தை அழிப்பதற்கு முதல், அதை உண்மையாக்கப் பார்த்தோம். ஊரில் ஒரு ரியூசன் ரீச்சரிடம் கேட்டு, பெற்றோரின் சம்மதத்தோடு ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை கேமைக் கொடுத்தோம். எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: வாய் திறக்கக்கூடாது, பார்த்து எழுத வேண்டும்.

'காகம்' எல்லாருக்கும் சரியாக வந்தது. 'கொக்கு' வந்தவுடன் சிக்கல். கொ எழுத்துக்கு மூன்று துண்டு: கொம்பு, க, அரவு. ஐந்தில் நான்கு பிள்ளைகள் கொம்பைத்தான் முதலில் இழுத்து வைத்தார்கள். கேம் 'பிழை' என்று சத்தம் போட்டது. திரும்ப வைத்தார்கள். திரும்பவும் பிழை. ஒரு பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்து, "அண்ணா, கொம்புதானே முதல் போடுறது?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. கொப்பியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம், இடமிருந்து வலமாக, கொம்பு முதல். சரியாகச் செய்த அந்த ஐந்தாவது பிள்ளை, அம்மாவின் ஃபோனில் தமிழ் ரைப் பண்ணிப் பழகியவன்.

பிழை எங்கே என்று நண்பனுக்கு உடனே விளங்கிவிட்டது. யூனிகோடில் தமிழ் சேமிக்கப்படும் ஒழுங்கு, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு இல்லை. 'கெ' என்பதில் முதலில் க, அதன் பிறகுதான் கொம்பு. அதைத் திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் நகர்கிறது. 'கொ' என்றால் கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியீடு க-வுக்குப் பின்னால் நிற்கும். 'கொக்கு' எங்களுக்கு மூன்று எழுத்து, கொம்பியூட்டருக்கு ஆறு குறியீடு. அவன் பிள்ளையின் ஒழுங்கைக் கொம்பியூட்டரின் ஒழுங்கோடு ஒப்பிட்டிருந்தான். அதாவது, சரியாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எங்கள் கேம் பிழை போட்டுக்கொண்டிருந்தது. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்கள் ஏறும் எல்லா உயிர்மெய்யிலும் இதே கதை. பதினெட்டு மெய்க்கும் கணக்குப் பார்த்தால் 108 எழுத்து, உயிர்மெய் 216-இல் சரி பாதி.

திருத்தம் பெரிய வித்தையில்லை. திரையில் இடம், நடு, வலம் என்று மூன்று பெட்டி. எதை முதலில் வைத்தாலும் பரவாயில்லை, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. மூன்றும் நிரம்பிய பிறகு கேம் தானே யூனிகோட் ஒழுங்குக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் துண்டாக்க வேண்டும், படங்களையும் மாற்ற வேண்டும். அதற்குத்தான் உண்மையில் காசு தேவைப்பட்டது.

கடிதம் அதற்குப் பிறகு தானாக எழுதுப்பட்டது. தொன்மை முழுக்கப் போய்விட்டது. முதல் பந்தி இப்படித் தொடங்கியது: "ஐந்து பிள்ளைகளோடு எங்கள் விளையாட்டை ஒருமுறை பரீட்சித்தோம். நான்கு பேர் சரியாக எழுத, விளையாட்டு அதைப் பிழை என்றது. இந்த நிதி அதைத் திருத்தவும் மூன்று முறை மீண்டும் பரீட்சிக்கவும் வேண்டும்."

ஆயிரக்கணக்கான மாணவர்களையும் எடுத்துவிட்டோம். பதிலுக்கு, இருபது பிள்ளைகளிடம் விளையாட முதலும் ஆறு கிழமைக்குப் பிறகும் அதே இருபது சொற்களை வாசிக்கக் கொடுத்து, எத்தனை கூடியது என்று எழுதித் தருவோம் என்றோம். கூடாவிட்டாலும் எழுதித் தருவோம் என்றும் சேர்த்தோம். அக்காவுக்கு அந்தக் கடைசி வசனம் பயமாக இருந்தது. "இதைப் பார்த்திட்டு இல்லையெண்டு சொல்லிப் போடுவினம்" என்றா. கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டு, இருக்கட்டும் என்று விட்டோம்.

செலவை உடைத்து எழுதினோம். கோட் எழுத ஆறு மாதம், மாதம் 60,000. படத்துக்கு நான்கு மாதம், மாதம் 50,000. குரல் பதிவுக்கு 90,000, ஏனென்றால் 'காற்று', 'நேற்று' என்பதில் வரும் ற்ற எங்கள் பிள்ளைகளின் காதுக்குப் பழகிய மாதிரி ஒலிக்க வேண்டும், இங்கேயே பதிய வேண்டும். பழைய ஃபோன் மூன்றுக்கு 60,000, பிள்ளைகளின் வீட்டில் இருப்பது புதிய ஃபோன் இல்லை. ரீச்சரின் நேரத்துக்கு 60,000, மூன்று பரீட்சிப்புக்கு 60,000. கூட்டினால் 830,000, எதிர்பாராததற்குப் பத்து வீதம் சேர்த்தால் 913,000. பதினைந்து இலட்சம் என்று நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்னும் எனக்கே தெரியாது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. இம்முறை தர முடியவில்லை. ஆனால் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். பரீட்சிப்புப் பகுதி தெளிவாக இருக்கிறது. ஆறு மாதம் முடிந்த பிறகு கேமைப் பராமரிப்பது யார் என்று கடிதத்தில் இல்லை.

உண்மைதான், இல்லை. ஃபோனின் அன்ட்ரொய்ட் பதிப்பு மாறினால் கேம் ஒருநாள் திறக்காமல் போகலாம். அன்றைக்கு இவன் வேறு வேலையில் இருந்தால்? நாங்கள் மூவரும் அதைப் பற்றிக் கதைத்ததேயில்லை.

மூன்று பெட்டியை மட்டும் அவன் இரவிரவாக இருந்து, காசில்லாமலே செய்து முடித்துவிட்டான். 'கொக்கு' இப்போது எப்படி வைத்தாலும் பறக்கிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. பராமரிப்புப் பந்தியை நான் எழுத வேண்டும். இந்த முறை எழுத முதல், அவனிடம் கேட்கப் போகிறேன்.