தோட்டத்துத் தவளையின் பெயர்

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த நிலம் ஏரிகளுக்குப் பெயர்பெற்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஏரிகளும் கோயில் குளங்களும் நிறைய, வீட்டுத் தோட்டங்களின் மண்ணும் இளகுகிறது. அதுவரை கண்ணில் படாத உயிர்கள் பல அப்போது வெளிவருகின்றன. கிணற்றடிச் சுவரிலும் துவைக்கும் கல்லின் இடுக்கிலும் தவளைகள் தங்குகின்றன. குழித்தறி உள்ள நெசவாளர் வீடுகளில் ஈரம் கசியும் தறிக்குழியும் அவற்றுக்கு உகந்த இடமே. இன்று அவற்றைக் காண்பவர் முதலில் செய்வது கைப்பேசியில் ஒரு படம் எடுப்பது. அடுத்து எழும் கேள்வி, இது என்ன உயிர் என்பது. விடை தவறினால் துன்பம் தவளைக்குத்தான். நஞ்சுள்ளது என்று கருதி அதன்மீது உப்பைத் தூவி விரட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தவளை தோலாலும் மூச்சு விடுவது. தோலாலேயே நீரை ஏற்பது. உப்பு அத்தோலிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

படம் தெளிவாக இல்லாதபோது, சுவரில் ஒட்டியிருப்பது பல்லியா தவளையா என்பதே ஐயமாகலாம். வரதராசப் பெருமாள் கோயிலில் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன பல்லி உருவங்களைத் தொட்டு வணங்க மக்கள் வரிசையில் நிற்கும் ஊர் இது. ஆயினும் மங்கலான இரவுப் படத்தில், வால் மறைந்த பல்லியைத் தவளை என்று சொல்பவர் இங்கும் இருக்கக்கூடும். இந்த ஐயத்தை விரல்களே தீர்த்துவிடும். வீட்டுப் பல்லியின் விரல் நுனியில் நகம் உண்டு; நம் ஊர்த் தவளை எதற்கும் நகம் இல்லை. பல்லி சன்னல் கண்ணாடியில் ஏறியிருக்கும்போது மறுபுறத்திலிருந்து படம் எடுத்தால், அதன் விரலடியில் இரண்டு வரிசையாக அடுக்கிய மெல்லிய தகடுகள் தெரியும். அத்தகடுகளில் உள்ள நுண்மயிர்கள் ஈரமின்றியே சுவரைப் பற்றுகின்றன. மரத்தவளையின் விரல் நுனியிலோ ஒரு வட்டத் தட்டு மட்டுமே இருக்கும். அது பசையீரத்தால் ஒட்டுகிறது. செய்யும் தொழில் ஒன்று; கருவிகள் வேறு.

தவளை என்று தெளிந்தபின் நோக்க வேண்டியது தோல். நிறத்தை அல்ல, தோலின் பரப்பை. நிறம் நம்பத் தகுந்த சான்றன்று. நம் வீடுகளில் மிகுதியாகத் தங்கும் மரத்தவளைக்கு ஆங்கிலத்தில் 'சுனம்' தவளை என்றொரு பெயர் உண்டு. அச்சொல் நம் சுண்ணத்தோடு உறவுடையது. அத்தவளை வெளிறிய சுவரில் வெளிறியும் இருண்ட மரப்பட்டையில் பழுப்பாகவும் தோன்றும். ஒரே தவளையின் பகல் படத்தையும் இரவுப் படத்தையும் அருகருகே வைத்தால், இவை இரண்டு இனங்கள் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் தோலின் பரப்பு மாறுவதில்லை. மரத்தவளையின் முதுகு வழவழப்பானது. சொறித்தவளையின் முதுகு முழுவதும் கருநுனி கொண்ட முண்டுகள். தலையில் கருநிற வரம்புகள். கண்ணுக்குப் பின்னே இருபுறமும் நீள்வட்டமாகத் திரண்ட சுரப்பிகள். அந்தச் சுரப்பிகளை அழுத்தினால் பால் போன்ற நச்சுநீர் வெளிப்படும். அதைக் கவ்விய நாய் நுரை கக்குவது இதனால்தான். தொட்டால் மரு வரும் என்பதோ வெறும் கதை.

இந்த முண்டுகள் படத்தில் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் கைப்பேசியின் ஒளியே காரணம். ஈரமான தோலில் நேர்எதிரே விழும் ஒளி கண்ணாடிபோல் திரும்பி, மேடுபள்ளங்களை அழித்துவிடுகிறது. கைப்பேசி ஒளியை நிறுத்திவிட்டு, கைவிளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகப் பிடித்தால் ஒவ்வொரு முண்டுக்கும் ஒரு சிறு நிழல் விழும். முரட்டுத் தோலா வழவழப்பான தோலா என்பதை அந்த நிழல்கள் காட்டும்.

தோலை அடுத்து விரல்கள். மரத்தவளைக்கு முன்கால், பின்கால் இரண்டிலும் விரல் நுனியில் தட்டுகள் உண்டு. முன்விரல் தட்டுகள் பெரியவை. பின்விரல்களுக்கிடையே சவ்வு நன்கு படர்ந்திருக்கும். முன்விரல்களில் அது ஏறக்குறைய இல்லை. தட்டு இருந்தால் மரத்தவளை என்று பலர் இந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. சரியாக அமையாத ஓர் உயிர் நம் தோட்டங்களிலேயே வாழ முடியும்.

மழை ஓய்ந்த மறுநாள் காலையில், பூந்தொட்டியை நகர்த்தும்போது அடியில் ஒரு தவளை இருந்தது எனக் கொள்ளலாம். படத்தில் அதன் முதுகு கரும்பழுப்பு. கண்ணிமையிலிருந்து தோள் வரை செங்கல் நிறத்தில் ஒழுங்கற்ற பட்டை. முண்டுகள் இல்லை, எனவே அது சொறித்தவளை அன்று. முன்விரல் நுனிகள் அகன்றுள்ளன. எனவே மரத்தவளை என்று மனம் விரைகிறது. ஆனால் படத்தை மறுபடி நோக்கினால் அந்த அகலம் வட்டமாக இல்லை. நுனி நேராக வெட்டப்பட்டது போன்று, கிட்டத்தட்ட முக்கோண வடிவில் உள்ளது. பின்விரல்களில் அத்தகைய அகலம் காணப்படவில்லை. சவ்வும் மிகக் குறைவு. கண்ணுக்குப் பின்னே மரத்தவளைக்கு வட்டமான செவிப்பறை தெளிவாகத் தெரியும். இங்கே அந்த இடம் வெறும் தோல். உடலோ கொழுக்கட்டை போல் உருண்டு, தலையும் வாயும் சிறுத்து, கால்கள் குட்டையாக உள்ளன. மரத்தவளை ஒட்டிய இடுப்பும் நீண்ட கால்களும் உடையது. தாவுவதற்கான உடல் அது. இதுவோ மண்ணில் புகுவதற்கான உடல். பின்பாதத்தின் உட்புறத்தைக் காட்டும் ஒரு படம் இருந்தால், அங்கே மண்வெட்டியின் அலகு போன்ற தடித்த மேடு தெரியும். அதைக் கொண்டு இது பின்புறமாகவே மண்ணைத் தோண்டி இறங்கிவிடும்.

இது வண்ணத்தவளை. அறிவியல் பெயர் யூபெரோடான் டாப்ரோபானிகஸ். விரல் நுனியை மட்டும் பார்த்தவர் இதனை மரத்தவளை என்பார். உடலை மட்டும் பார்த்தவர், இதைப் போன்றே பருத்த பலூன் தவளை என்பார். ஆனால் பலூன் தவளைக்கு விரல் நுனி அகன்றிருப்பதில்லை. ஆகவே விரலின் சான்றை உடலும், உடலின் சான்றை விரலும் திருத்துகின்றன.

இவ்வுயிரின் பெயர் வரலாறும் இதே போன்ற தடுமாற்றத்தால் ஆனதே. தென்கிழக்கு ஆசியாவில் காலூலா புல்க்ரா என்னும் தவளை உண்டு. அதற்கும் பருத்த உடல், கருநிற முதுகு, வெளிர்நிறப் பட்டை. இந்த ஒற்றுமை காரணமாக, ஆங்கிலேய விலங்கியலாளர் பார்க்கர் 1934இல் இலங்கைத் தவளையை அதன் ஒரு துணையினமாகவே விவரித்தார். டாப்ரோபானிகஸ் என்பது டாப்ரோபேன் என்ற இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. பின்னர் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. மரபணு ஆய்வின் அடிப்படையில் 2016இல் பேரினமும் மாற்றப்பட்டது. தென்கிழக்கு ஆசிய உறவு விலகி, பலூன் தவளைகளின் யூபெரோடான் பேரினத்தில் இது சேர்க்கப்பட்டது. நிறமும் பருமனும் ஒத்திருந்தது உண்மை. ஆனால் நெருங்கிய உறவு வேறிடத்தில் இருந்தது. அருங்காட்சியக மாதிரியைக் கையில் வைத்திருந்தோருக்கே இத்தனை காலம் எடுத்தது எனின், ஒரு கைப்பேசிப் படத்தை வைத்து விரைந்து பெயர் சூட்டுவோரைப் பெரிதாகக் குறை கூற இயலாது.

உடல் வடிவத்தைப் படத்தில் மதிப்பிடுவதில் வேறு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. ஒன்றைச் செய்வது கைப்பேசி. அதனை ஒரு சாண் தொலைவுக்குள் கொண்டுசென்றால் அருகில் உள்ள பகுதி அளவுக்கு மீறிப் பெருத்துக் காணும். முன்னிருந்து எடுத்தால் மெலிந்த மரத்தவளையும் பெருந்தலையும் தடித்த உடலும் கொண்டதாகத் தோன்றிவிடும். மூன்று நான்கு அடி தள்ளி நின்று, படத்தை நெருக்கிக்கொண்டு, தவளையின் கண் மட்டத்தில் பக்கவாட்டில் எடுப்பதே முறை. மேலிருந்து மற்றொரு படம் வேண்டும். தவளைக்கு அருகே அதே தளத்தில் ஓர் அளவுகோலும் கிடந்தால் நல்லது. நாணயம் வைப்பது பலரின் வழக்கம். ஒரு ரூபாய் நாணயமே ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறி வந்திருப்பதால், எந்த ஆண்டு நாணயம் என்று சொல்லாவிட்டால் அதனால் பயனில்லை.

மற்றோர் இடர்ப்பாட்டை உண்டாக்குவது தவளையே. அச்சுறுத்தப்பட்டால் வண்ணத்தவளையும் பலூன் தவளையும் மட்டுமல்ல, சொறித்தவளையும் காற்றை இழுத்து உடலை உப்பவைத்துக்கொள்ளும். குச்சியால் சீண்டியபின் எடுத்த படத்தில் எல்லாமே உருண்டையாகவே இருக்கும். சற்று நேரம் அசையாமல் இருந்தால் உடல் தன் இயல்புக்குத் திரும்பும். கால்களின் நீளம் இவ்வகையில் நம்பத்தக்கது. காற்றால் கால் நீள்வதில்லை.

காத்திருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. சுவரில் இருக்கும் மரத்தவளை காலை நீட்டி அடி பெயர்க்கும் நொடியில், அதன் பின்தொடையின் உட்பக்கம் தெரியும். கருநிற வலைக்குள் மஞ்சள் நிற வட்டப் புள்ளிகள் அங்கே இருக்கும். மடிந்த காலுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கோலம், முதுகின் நிறம் எப்படி மாறினாலும் மாறாமல் இருப்பது. முதுகை மட்டும் பத்துப் படங்கள் எடுத்தவரைவிட, நீட்டிய காலுடன் ஒரே படம் எடுத்தவர் உறுதியாகப் பேச முடியும்.

எல்லாத் தவளைக்கும் படம் போதாது. புல்வெளியிலும் வயல் வரப்பிலும் துள்ளும் சிறு பழுப்புத் தவளைகளில் பல இனங்கள் தோலாலும் விரலாலும் உடலாலும் ஒன்றையொன்று ஒத்தவை. அவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் ஆண் தவளையின் ஓசையைப் பதிவு செய்கின்றனர், மரபணுவையும் ஒப்பிடுகின்றனர். அத்தகைய படம் ஒன்று வந்தால், தேர்ந்தவர் பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வார். எடுத்த நாள், இடம், நேரம், அருகில் நீர் இருந்ததா, ஓசை கேட்டதா என்பவற்றைப் படத்தின்கீழ் எழுதி வைப்பார். இனப்பெயருக்குரிய இடம் அந்தக் குறிப்பில் வெறுமையாகவே இருக்கும்.