நம்ம கோவில் மடப்பள்ளி மிக்ஸியும் நாலு வெள்ளி கார்பனும்



புரட்டாசி சனிக்கிழமை அன்னதானத்துக்கு வடைப்பருப்பு அரைக்கும்போது மடப்பள்ளி மிக்ஸி நின்னுபோச்சு. ஊர்ல இருந்து வாங்கி வந்த பழைய மிக்ஸி. கடையில கேட்டோம், "புதுசு வாங்கிடுங்கண்ணே" என்றார்கள். சரி, தூக்கிப் போடலாம் என்று பார்த்தால் அதிலும் ஒரு சங்கதி இருக்கு. 2021 ஜூலையிலிருந்து சிங்கப்பூரில் மின்கழிவுச் சேகரிப்புத் திட்டம் நடக்குது. அந்தத் தொட்டியில் கைப்பேசியைப் போடலாம். மிக்ஸியும் மேசை விசிறியும் அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் அவை வீட்டுக் குப்பையோடதான் போகும்.

அதனால ரிப்பேர் கோப்பித்தியாமுக்கு எடுத்துட்டுப் போனோம். 2014இல் சஸ்டெய்னபிள் லிவிங் லேப் ஆரம்பிச்சது. அங்கே தொண்டூழியர் நம்ம பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார், ஸ்குரூ கழற்றுறது நாமதான். விட்டுட்டு அப்புறமா வந்து வாங்கிக்கிற கடை இல்லை அது.

பிளக்கைப் பிடுங்கிட்டு முதல்ல அடியில் இருக்கிற சிவப்பு பட்டனைப் பார்க்கச் சொன்னார். சுமை அதிகமானா மோட்டாரைக் காப்பாத்த அதுவே மின்சாரத்தை வெட்டிடும். அரை மணி நேரம் ஆறவிட்டு அமுக்கினா பாதி மிக்ஸி அங்கேயே ஓடிடுமாம். (எத்தனை மிக்ஸியை இதுக்காகத் தூக்கிப் போட்டிருப்போமோ!) எங்களோடது ஓடலை.

அடித்தட்டைக் கழற்றினோம். மோட்டாரின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைச்ச கார்பன் பிரஷ், சுழலும் செம்பு வளையத்துக்கு மின்சாரம் கொடுக்குறது இதுதான். தேய்ந்து தேய்ந்து ஒன்று அரை சென்டிமீட்டர்கூட இல்லை, வளையத்தைத் தொடவே இல்லை. கொஞ்ச நாளாவே மிக்ஸி விட்டு விட்டு ஓடினதும், உள்ளே நீலப் பொறி தெரிஞ்சதும் இதனாலதான். நாங்கதான் கவனிக்கலை.

அதே அளவு கார்பன் ஒரு ஜோடி நாலு வெள்ளி. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ரெண்டையும் மாத்தணும். கூட்டுக்குள்ள தடையில்லாம வழுக்கிப் போகணும், சிக்கினா மறுபடி பொறி பறக்கும். மாத்தினதும் ஜார் வைக்காம, இடைவெளி விட்டு சில நிமிஷம் ஓடவிட்டா கார்பன் வளையத்தோட வளைவுக்குப் பதிஞ்சிடும்.

எல்லாத்தையும் இப்படிக் காப்பாத்த முடியாது. கருகின வார்னிஷ் வாசனை வந்து கம்பிச்சுருள் கறுத்திருந்தாலோ, புது கார்பன் போட்டும் வளையம் முழுக்கப் பொறி சுத்தினாலோ மோட்டார் போச்சு. அந்தச் செலவுக்குப் புதுசே வாங்கலாம்.

நம்ம மிக்ஸி இப்போ ஓடுது. இனி பருப்பை கெட்டியா, ஜார் நிறைய போட வேண்டாம்னு மடப்பள்ளி அக்காமார்களைக் கேட்டுக்கிறோம். ஐந்து நிமிஷம் அரைச்சா ரெண்டு நிமிஷம் ஓய்வு கொடுங்க. வீட்டில் நின்னுபோன மிக்ஸி இருந்தா முதல்ல அடியில் சிவப்பு பட்டனை அமுக்கிப் பாருங்க, அப்புறம் எங்ககிட்ட சொல்லுங்க. அடுத்த தடவை போகும்போது சேர்ந்தே போகலாம்.