வரி பாக்கிக்குத் தவணை: எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

பாரூர் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல், மேட்டு நிலத்தில் ஒரு ஏக்கர் பெங்களூரா மா. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் ஓசூரில் நான்கு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறார். 2025 சீசனில் மாங்காய் விலை சரிந்தது. அதே சமயம் லேத்துக்கு வந்த ஆர்டரும் பாதியானது. அப்போதுதான் பழைய ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்து, ஜிஎஸ்டி பாக்கி 1,20,000 ரூபாய் என்று DRC-07 உத்தரவு வந்தது. அதுபோக, கட்டாமல் விட்ட இரண்டு மாத ரிட்டர்ன் வரி 30,000 ரூபாய்.

"சொசைட்டிக் கடன் மாதிரி, அறுவடை முடிஞ்சதும் மொத்தமா கட்டிடறோம்னு எழுதிக் குடு தம்பி" என்றார் அப்பா. இருவரும் ஆடிட்டரிடம் போனார்கள்.

"தவணைன்னா மாசா மாசம்தாங்க. அதிகபட்சம் 24 மாசம். அதுவும் ரெண்டு பாக்கிக்கும் கிடைக்காது" என்றார் அவர்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 80-ஆம் பிரிவு, அதிகாரி உத்தரவால் வந்த பாக்கிக்குத்தான் தவணை தருகிறது. நாமே கணக்குப் போட்டு ரிட்டர்னில் காட்டும் வரிக்குத் தவணை இல்லை. 25,000 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கும் கிடைக்காது. வேறு பாக்கிக்கு வசூல் நடவடிக்கை நடந்துகொண்டிருந்தாலும் விண்ணப்பம் நிற்காது. அதனால் முதலில் நகையை அடகு வைத்து 30,000 ரூபாயைக் கட்டினார்கள்.

பிறகு ஜிஎஸ்டி தளத்தில் My Applications பகுதியில் DRC-20 விண்ணப்பம் போட்டார்கள். உத்தரவு கிடைத்து மூன்று மாதம் ஆனால் வசூல் தொடங்கலாம் என்பதால், அதற்கு முன்பே போட்டுவிட்டார்கள். கட்ட முடியுமா என்று உள்ளூர் அதிகாரியிடம் அறிக்கை கேட்ட பிறகுதான் ஆணையர் முடிவெடுப்பார். ஆகவே "வருமானம் இல்லை" என்று மட்டும் எழுதவில்லை. சென்ற ஆண்டு, இந்த ஆண்டு ஜாப் ஒர்க் பில்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், மிஷின் கடன் தவணை எல்லாவற்றையும் இணைத்தார்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் எழுதினார்கள்.

24 மாதம் கேட்டால் மாதம் 5,000 ரூபாய்தான். ஆனால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி நிலுவைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 24 மாதத்தில் வட்டி சுமார் 22,500 ரூபாய் ஆகும். 12 மாதமென்றால், மாதம் 10,000 வீதம், சுமார் 11,700. அவர்கள் 12 மாதம் கேட்டார்கள், கிடைத்தது.

ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்டவேண்டிய பாக்கியாகிவிடும். தனி நோட்டீஸ்கூட வராது. நெல் விற்ற பணத்தை அப்பா இப்போது தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறார். லேத்தில் பணம் வராத மாதம், தவணை அதிலிருந்து போகும்.