அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

கணினியில் இடம் நிறைந்துவிட்டால் பெரிய காணொளிகளை அழிக்கவே நம் கை முதலில் செல்கிறது. அவற்றை அழிக்காமல் சுருக்கவும் இயலும். எவ்வளவு சுருக்கலாம் என்பதை ஒரு நிமிடப் பகுதியே உங்களுக்குச் சொல்லிவிடும்.

நமது கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைப் பதிவொன்று என்னிடம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஓடும் அது ஏறக்குறைய 16 ஜிபி இடத்தை அடைத்திருந்தது. இன்று நம்மோடு இல்லாத ஒரு தாயாரின் சாட்சியும் அதில் இருந்ததால், அவருடைய முகமும் குரலும் சிதையாமல் காப்பது அவசியமாயிற்று.

இலவசமாகக் கிடைக்கும் HandBrake என்னும் மென்பொருளில் அதைத் திறந்து, H.264 (x264) முறையைத் தெரிந்துகொண்டேன். அங்கே Constant Quality என்றொரு அளவுகோல் உண்டு. அதன் எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எண்ணை 6 கூட்டினால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகும்.

முழுப் பதிவையும் உடனே மாற்றவில்லை. Range என்னுமிடத்தில் Seconds என்பதைத் தெரிந்து, விளக்குகள் அணைந்து மெழுகுவர்த்திகள் அசையும் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்தேன். இருளும் அசைவும் சேர்ந்த இடத்தில்தான் சுருக்கத்தின் குறை முதலில் வெளிப்படும். மூலத்தில் அந்த நிமிடம் 180 எம்பி. எண் 28இல் அது 18 எம்பி ஆயிற்று. ஆனால் இருண்ட சுவர் சிறு கட்டங்களாகப் பிளந்தது, முகங்கள் மெழுகு பூசியவைபோல் மழுங்கின. எண் 22இல் 36 எம்பி ஆயிற்று. தொலைக்காட்சியில் பார்த்தபோது மூலத்திற்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்தக் கணக்கில் முழுப் பதிவும் 3 ஜிபியைச் சற்றே தாண்டும்.

ஒலியை நான் தொடவில்லை. ஒன்றரை மணி நேர ஒலி 100 எம்பிக்கும் குறைவாகவே இருந்தது. அதை நெருக்கிப் பெறும் இடம் அற்பம், இழப்பதோ குரலின் தெளிவு. மூல ஒலி AAC வடிவில் இருந்ததால், Audio பகுதியில் AAC Passthru என்பதைத் தெரிந்துகொண்டேன். அது ஒலியை அப்படியே கடத்திவிடும்.

மாற்றி முடித்தபின் இறுதி ஐந்து நிமிடங்களைப் பாருங்கள். கைப்பேசிப் பதிவுகளில் படங்களின் வேகம் சீராக இராததால், சில வேளைகளில் உதடும் ஒலியும் மெல்ல விலகும். அது முடிவில்தான் தெளிவாகத் தெரியும். வாட்ஸ்அப் வழியாகக் காணொளியாக வந்தவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை; அவற்றை மீண்டும் சுருக்கினால் மிஞ்சும் இடம் சிறிது, கெடும் தரம் பெரிது.

இழந்த நுணுக்கத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஆகவே புதிய கோப்பை முழுவதும் பார்த்து, அதற்கொரு பிரதியை வேறொரு வட்டில் வைத்தபின்னரே மூலத்தை அழியுங்கள்.