ஒரு பிழைக்கு ஒரு தண்டனை

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

தாமிரபரணிக் கரையில், முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் நான் ஒருத்திதான். அந்த ஒரு தகுதியை நம்பி, எங்கள் தெருவில் மேல்நிலை முதலாண்டு படிக்கும் ஏழு பிள்ளைகள் மாலை நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இயற்பியல் படிக்க வருகிறார்கள். எனக்கும் "அக்கா, அக்கா" என்று அவர்கள் அழைப்பதில் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு விழுந்த அடியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் அவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தேன். புத்தகத்துக் கணக்கைக் கொடுத்தால் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள் என்று நானே ஒரு கணக்கை அமைத்தேன். பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி என்பது நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். மழைக்காலத்தில் நாளிதழைத் திறந்தால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று நீர்மட்டங்களைத்தானே முதலில் பார்க்கிறோம்? ஆகவே, "அணையில் 143 அடி ஆழத்துக்கு நீர் நிற்கிறது. அடிமட்டத்தில் அழுத்தம் எவ்வளவு? 1 அடி = 0.305 மீட்டர், நீரின் அடர்த்தி 1000 கிலோகிராம்/கன மீட்டர், g = 9.8 மீட்டர்/வினாடி² எனக் கொள்க" என்று கேட்டேன். மதிப்பெண் 4.

விடைக்குறிப்பையும் முறையாகவே எழுதி வைத்தேன். அடியை மீட்டராக்கி 43.6 என்று காண 1 மதிப்பெண். P = hρg என்ற சூத்திரத்துக்கு 1. 43.6 × 1000 × 9.8 என்று பிரதியிட 1. விடை 4.27 × 10⁵ என்பதற்கு அரை. பாஸ்கல் என்ற அலகுக்கு அரை. எதிலும் குறையில்லை என்றே நினைத்தேன்.

திருத்தும்போது மூன்று தாள்கள் என் குறிப்போடு ஒத்துவரவில்லை. முதல் தாளில் ஒரு தம்பி 43.6 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த வரியில் அதை 46.3 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தான். விடை 4.54 × 10⁵ பாஸ்கல் என்று வந்தது. பிரதியிட்ட எண் தவறு, விடையும் தவறு என்று 2 மதிப்பெண் கொடுத்தேன். இரண்டாவது தாளில் ஒரு தங்கை அடியை மாற்றாமலே 143 × 1000 × 9.8 என்று பெருக்கி 1.40 × 10⁶ பாஸ்கல் என்று முடித்திருந்தாள். சூத்திரத்துக்கு மட்டும் 1. மூன்றாவது தாளில் சூத்திரமே வேறாக இருந்தது. hρg உடன் வளிமண்டல அழுத்தம் 1.01 × 10⁵ பாஸ்கலையும் கூட்டி 5.28 × 10⁵ பாஸ்கல் என்று அந்தத் தம்பி எழுதியிருந்தான். மீட்டராக்கியதற்கு 1 போட்டு, மற்றவற்றைச் சிவப்பு மையால் அடித்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விசாரித்தபோது, "எனக்கு இயற்பியல் வராது, வேற பிரிவுக்கு மாறிக்கிடுதேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். ஒரு தேர்வுக்கே பயந்துவிட்டானே என்று அம்மாவிடம் குறைபட்டேன்.

அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனை தப்பு செஞ்சான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான்."

"ஒரு தப்புக்கா மூணு மார்க்கை எடுத்த? ஏட்டி, ஒரு பீடி சரியா மடக்கலைன்னா அந்த ஒண்ணைக் கழிக்கணும். கட்டையே கழிச்சுப் போட்டா, வீட்டுக்கு வந்து நான் எவ்வளவு வயிறு எரிவேன்? நீ பாக்கலியா?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் மூன்று தாள்களையும் எங்கள் துறைப் பேராசிரியை ஒருவரிடம் காட்டினேன். விடைத்தாள் திருத்தும் பணியில் பழகியவர். என் குறிப்பைப் படித்துவிட்டு, "நீ எழுதினது விடைம்மா, விடைக்குறிப்பு இல்ல. சரியா எழுதினவனுக்குக் குறிப்பே வேண்டாம். தப்பா எழுதினவனுக்கு என்ன செய்யணும்னு சொல்லத்தான் குறிப்பு" என்றார். மேல்நிலைப் பொதுத்தேர்வு இயற்பியல் விடைக்குறிப்புகளில், கணக்கில் சூத்திரம் எழுதாவிட்டாலும் அடுத்து வரும் சரியான படிகளுக்கு மதிப்பெண் தரவேண்டும் என்ற அறிவுரை இருப்பதை அவர் நினைவூட்டினார். பிறகு மூன்று தாள்களையும் என்னையே மீண்டும் திருத்தச் சொன்னார்.

முதல் தாளுக்கு அவர் சொன்ன வழி எளிது. மாணவன் தவறவிட்ட இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். அதற்குப் பிறகு நம் எண்ணை விட்டுவிட்டு, அவன் எண்ணையே எடுத்துக்கொண்டு நாமும் கணக்கிட வேண்டும். 46.3 × 1000 × 9.8 என்று நானே பெருக்கிப் பார்த்தேன். 4.54 × 10⁵ தான் வந்தது! அப்படியானால் அதன்பின் அவன் ஒரு தவறும் செய்யவில்லை. பிரதியிட்ட படிக்கு மட்டும் 1 குறைத்து 3 போட்டேன்.

இரண்டாவது தாளிலும் அப்படியே செய்துவிடலாமா? கூடாது. இலக்கம் மாறினாலும் 46.3 ஒரு மீட்டர் அளவுதான்; 143 அடி அளவு. அடியில் பெருக்கி வந்த எண்ணுக்குப் பாஸ்கல் என்ற அலகு பொருந்தாது. நீரில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அணையின் ஆழத்துக்கு நான்கு மடங்கும் கொஞ்சமும் வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் பதினான்கு மடங்கு வந்திருக்கிறது. விடை பொருந்தவில்லை என்பதை அவளே இப்படிக் கண்டிருக்கலாம். ஆகவே அலகு மாற்றியதற்கும் விடைக்கும் மதிப்பெண் இல்லை. சூத்திரமும் எண்களை உரிய இடத்தில் வைத்த முறையும் சரி என்பதால் 2.

மூன்றாவது தாளில்தான் என் பேனா நின்றுவிட்டது. அணையின் நீர்ப்பரப்பின் மேல் காற்று அழுத்திக்கொண்டுதானே இருக்கிறது? அடிமட்டத்தில் உள்ள மொத்த அழுத்தம் உண்மையில் அவன் எழுதியதுதான். "நீரினால் ஏற்படும் அழுத்தம்" என்று நான் கேட்டிருந்தால் என் விடை மட்டும் சரி. "அடிமட்டத்தில் அழுத்தம்" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, கேட்டவளைவிட ஒரு படி கூடுதலாகச் சிந்தித்தவனைத் தண்டித்திருக்கிறேன். பிழை வினாவில் இருந்தது. மதிப்பெண் இழந்தவன் அவன். அவனுக்கு 4.

புதிய குறிப்பில் பழைய ஐந்து வரிகளுக்குக் கீழே நான்கு வரிகள் சேர்ந்தன. பிழை நேர்ந்த படியில் ஒருமுறை மட்டும் குறைக்க. பின்வரும் படிகளை மாணவனின் எண்ணைக் கொண்டே சரிபார்க்க. அலகு மாற்றாத எண்ணுக்கு விடை மதிப்பெண் இல்லை. வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டி 5.28 × 10⁵ பாஸ்கல் என எழுதியிருந்தால் முழு மதிப்பெண். இவற்றை எழுத, கணக்கைப் போடுவதைவிட நான்கு மடங்கு நேரம் ஆயிற்று. இப்போதெல்லாம் வினாவை அமைத்ததும், அதை எத்தனை வழிகளில் ஒருவர் நியாயமாகப் புரிந்துகொள்ளலாம் என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். இரண்டு வழி இருந்தால் குறிப்பை அல்ல, வினாவையே திருத்துகிறேன்.

அன்று மாலை திருத்திய தாளை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். "நான்தான் தப்பாக் கேட்டேன்" என்று சொல்லித் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். சிவப்பில் அடித்த 1-க்குப் பக்கத்தில் 4 இருந்தது. ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்; பிறகு தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.